சாம்பிள் விலை வேறு, பல்க் விலை வேறு

ராணிப்பேட்டையில் எங்கள் யூனிட்டில் காலர் டீ-ஷர்ட் சாம்பிளை எப்போதும் M சைஸில்தான் தைப்போம். அது ஓகே ஆனதும், பையர் அதே விலைக்கு பல்க் கேட்பார். லாபம் மட்டும் காணாமல் போகும்.

காரணம் சைஸ் ரேஷியோ. வேஸ்டேஜ் சேர்த்து M-க்கு 230 கிராம் துணி போகிறது. ஒரு ஆர்டரில் S முதல் XXL வரை 1:2:3:3:1 என்று வந்தது. சைஸ் செட் தைத்து எடை போட்டுப் பார்த்தால், சராசரி 254 கிராம். துணி கிலோ 480 ரூபாய் என்றால் பீஸுக்குக் கிட்டத்தட்ட 12 ரூபாய் கூடுதல். பீஸுக்கு நாங்கள் வைக்கும் லாபமே 15 ரூபாய்தான்!

இப்போது சாம்பிள் கொட்டேஷனிலேயே ‘M சைஸுக்கு மட்டும்’ என்று எழுதிவிடுகிறோம். ரேஷியோ வந்த பிறகுதான் பல்க் விலை. சாம்பிள் சார்ஜ் தனி, ஆர்டர் வந்தால் பில்லில் கழித்துக்கொள்வோம். சும்மா சாம்பிள் கேட்பவர்கள் இதிலேயே கழன்றுவிடுவார்கள், அதுவும் நல்லதுதான்.

அப்புறம், உற்பத்திக்கு முன் பல்க் துணியிலேயே தைத்துக் காட்டும் பிபி சாம்பிளில் பையர் கையெழுத்துப் போடாமல் கட்டிங் டேபிளில் துணி விரிப்பதில்லை. போனில் ‘ஓகே’ சொன்னால் போதாது.