ஆல்ஃபா என்று நாம் நம்புவது: ஃபண்டை ரெக்ரஷனில் போட்டுப் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

முதன்முதலில் ஒரு ஸ்மால்கேப் ஃபண்டின் ஐந்து வருட வருமானத்தை மூன்று ஃபேக்டர் ரெக்ரஷனில் போட்டபோது எனக்கு மாதம் 0.66 சதவீதம் ஆல்ஃபா வந்தது. வருடத்துக்கு ஏறக்குறைய எட்டு சதவீதம். மேனேஜர் பெரிய கெட்டிக்காரர் என்று இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் கண்ணில் பட்டது, ஃபண்டின் வருமானத்திலிருந்து ரிஸ்க் இல்லாத வட்டியை நான் கழிக்கவே இல்லை. கழித்ததும் 0.16 ஆனது. மீதி 0.50 அரசின் டிரஷரி பில் கொடுத்த வட்டி. (எண்களைக் கொஞ்சம் உருட்டித் தந்திருக்கிறேன், கணக்கு புரியவேண்டும் என்பதற்காக.)

ஆல்ஃபா என்பது ரெக்ரஷனில் மிஞ்சுகிற மாறிலி. மார்க்கெட், SMB, HML என்ற மூன்றும் விளக்க முடியாத சராசரி எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். மேனேஜரின் திறமையும் சேரும், நம் கவனக்குறைவும் சேரும். இரண்டுக்கும் வேறு வேறு நிறம் கிடையாது.

1993இல் ஃபாமாவும் ஃபிரெஞ்சும் முன்வைத்த மாடல் இது. சிறிய கம்பெனிப் பங்குகளின் வருமானத்திலிருந்து பெரியவற்றின் வருமானத்தைக் கழித்தால் SMB. புத்தக மதிப்போடு ஒப்பிட விலை மலிவான பங்குகளின் வருமானத்திலிருந்து விலை கூடிய பங்குகளின் வருமானத்தைக் கழித்தால் HML. ஓட்டுவது மூன்று வரி வேலை:

```python
y = df["fund"] - df["RF"]
X = sm.add_constant(df[["MKT_RF", "SMB", "HML"]])
print(sm.OLS(y, X).fit().summary())
```

தவறுகள் இதற்கு முன்னாலும் பின்னாலும் நடக்கின்றன.

முன்னால் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கென்னத் ஃபிரெஞ்சின் தளத்தில் ஃபேக்டர் ஃபைல் இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக அமெரிக்க ஃபேக்டரை இந்திய ஃபண்டுக்குப் போடுகிறவர்கள் உண்டு. ஆர்-ஸ்கொயர் தரைமட்டத்துக்கு வரும், மாறிலி வீங்கும். இந்தியப் பங்குகளுக்கான ஃபேக்டர்களை ஐஐஎம் அகமதாபாத் தனியே வெளியிடுகிறது, அதை எடுக்கவேண்டும். அடுத்தது அலகு. ஃபேக்டர் ஃபைலில் 1.20 என்று சதவீதமாக இருக்கும், நாம் கணக்கிட்ட ஃபண்ட் வருமானம் 0.0120 என்று இருக்கும். மார்க்கெட் பீட்டா 0.95 வரவேண்டிய இடத்தில் 0.0095 வந்தால் அலகு இடிக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது என்ஏவி. டிவிடெண்ட் ஆப்ஷனின் என்ஏவியை எடுத்தால், பணம் பிரித்துக் கொடுத்த மாதத்தில் என்ஏவி இறங்கும். ரெக்ரஷன் அதை நஷ்டமாகவே எடுத்துக்கொள்ளும். எப்போதும் குரோத் ஆப்ஷனையே எடுங்கள்.

சரி, எண்கள் சுத்தமாகிவிட்டன. இப்போது என் ஃபண்டுக்கு வருவோம். அந்த 60 மாதங்களில் வட்டி போக ஃபண்டின் சராசரி மாத வருமானம் 1.30 சதவீதம், மார்க்கெட்டினுடையது 0.80. மார்க்கெட்டை மட்டும் வைத்து ஓட்டினால் பீட்டா 1.00, ஆல்ஃபா 0.50. வருடத்துக்கு ஆறு சதவீதம், விளம்பரத்துக்கு ஏற்ற எண். இனி SMB, HML இரண்டையும் சேர்ப்போம். மார்க்கெட் பீட்டா 0.95, அது தந்தது 0.76. SMB கெழு 0.80, அந்தக் காலத்தில் SMBயின் சராசரி 0.40, ஆக 0.32. HML கெழு 0.30, சராசரி 0.20, ஆக 0.06. கூட்டினால் 1.14. மிச்சம் 0.16. ஆறு சதவீதத்தில் பெரும்பகுதி, சிறிய கம்பெனிகள் எல்லாமே நன்றாக ஓடிய காலத்தில் சிறிய கம்பெனிகளை வைத்திருந்ததற்கான கூலி.

அந்த 0.16ஐயாவது நம்பலாமா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள், அச்சாகிற அட்டவணையில் `const` வரியில் முதல் எண்ணை மட்டும் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பக்கத்திலேயே `std err` இருக்கிறது. இந்த ஃபண்டின் எச்சங்களின் திட்டவிலக்கம் மாதம் 1.8 சதவீதம். அதை 60இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் சுமார் 0.23. ஆல்ஃபாவின் பிழை இதற்குக் குறையாது. அதாவது உண்மையான ஆல்ஃபா மாதம் −0.30க்கும் +0.62க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். t மதிப்பு 0.7தான். இதே ஆல்ஃபா, இதே இரைச்சலோடு t இரண்டைத் தொட எத்தனை மாதம் வேண்டும் என்று போட்டுப் பார்த்தேன்: 506. நாற்பத்திரண்டு வருடம். அதற்குள் மேனேஜர் ஓய்வு பெற்றுவிடுவார். கெழுக்களோ இதே 60 மாதத்தில் ஓரளவு கெட்டியாகவே தெரிகின்றன. ஃபண்ட் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல ரெக்ரஷன் நல்ல கருவி. மேனேஜர் கெட்டிக்காரரா என்று கேட்டால் ஐந்து வருடத் தரவை வைத்துக்கொண்டு பெரும்பாலும் வாயே திறக்காது.

கெழுக்களைப் படிப்பதிலும் ஒரு தடுமாற்றம் உண்டு. SMB 0.80 என்றால் பணத்தில் 80 சதவீதம் சிறிய கம்பெனிகளில் இருக்கிறது என்று பொருள் இல்லை. SMB ஒரு சதவீதம் ஏறுகிற மாதத்தில், மற்றவை அசையாமல் இருந்தால், ஃபண்ட் 0.80 ஏறுவது வழக்கம், அவ்வளவே. HML விஷயத்தில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். ‘நான் வேல்யூ முதலீட்டாளர்’ என்று சொல்லும் மேனேஜரின் HML கெழு எதிர்மறையாக வரலாம். அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டவேண்டாம். HML பார்ப்பது புத்தக மதிப்பை மட்டும். லாபத்தோடு ஒப்பிட்டு மலிவு என்று அவர் வாங்கிய நல்ல கம்பெனி, புத்தக மதிப்பின்படி விலை கூடியதாகவே தெரியும்.

இன்னொன்று, கெழுக்கள் ஐந்து வருடமும் ஒரே மாதிரி இருந்தன என்று ரெக்ரஷன் தானாகவே எடுத்துக்கொள்கிறது. இந்தியாவில் இதற்கு ஒரு குறிப்பிட்ட கண்ணி இருக்கிறது. 2017 அக்டோபரில் செபி ஃபண்டுகளின் வகைகளை வரையறுத்தது. சந்தை மதிப்பில் 251ஆவது இடத்திலிருந்து கீழே உள்ளவை ஸ்மால்கேப், ஸ்மால்கேப் ஃபண்ட் அவற்றில் குறைந்தது 65 சதவீதம் வைத்திருக்கவேண்டும் என்றானது. 2018இல் பல ஃபண்டுகள் பெயரையும் கையிருப்பையும் மாற்றின. 2015 முதல் 2020 வரை ஒரே வீச்சில் ஓட்டினால், பெயர் ஒன்றானாலும் உள்ளே இருப்பது இரண்டு ஃபண்டாக இருக்கலாம். வருகிற SMB கெழு இரண்டுக்கும் பொருந்தாத சராசரி. 36 மாத ஜன்னலை ஒவ்வொரு மாதமாக நகர்த்தி SMB கெழுவை வரைந்து பாருங்கள், 0.3இலிருந்து 0.8க்கு ஏறுகிற கோடு தெரிந்தால் அந்த இடத்தில் தரவை வெட்டிவிடலாம்.

கடைசியாக நான் விடாமல் செய்கிற ஒரு சோதனை. SMB என்பது சிறியதை வாங்கிப் பெரியதை விற்கிற காகிதக் கணக்கு, செலவும் கிடையாது. அதை நாம் கடையில் வாங்க முடியாது. ஆகவே இதே மாதங்களுக்கு நிஃப்டி ஸ்மால்கேப் 250 இன்டெக்ஸையும், டிவிடெண்ட் சேர்த்த வடிவத்தில், இதே ரெக்ரஷனில் ஓட்டுவேன். யாரும் பங்கு பொறுக்காத இன்டெக்ஸுக்கும் ஆல்ஃபா வரத்தான் செய்யும். அமெரிக்காவில் எஸ்அண்ட்பி 500க்கு நேர்மறையாகவும் சிறிய கம்பெனிகளின் ரஸ்ஸல் 2000க்கு எதிர்மறையாகவும் நெடுங்காலத் தரவில் வந்ததைக் காட்டியிருக்கிறார்கள். ஃபேக்டர்களைக் கட்டிய விதத்தில் உள்ள கோணல் அது. இன்டெக்ஸுக்கு 0.11 வந்தால் என் ஃபண்டின் 0.16இல் மிஞ்சுவது 0.05. இன்டெக்ஸுக்கு −0.10 வந்தால் ஃபண்ட் 0.26 முன்னால் நிற்கிறது. இந்த வித்தியாசத்துக்கும் ஒரு பிழை உண்டு, ஃபண்டிலிருந்து இன்டெக்ஸைக் கழித்த தொடரையே `y` ஆக வைத்து இன்னொரு முறை ஓட்டினால் அதுவும் `std err` கட்டத்தில் வந்துவிடும்.