சீட் ஹீட்டரை அணைத்து மின்சாரம் சேமிக்கிறீர்களா?

மின்சாரக் காரில் சார்ஜ் குறைய ஆரம்பித்ததும் பலர் முதலில் அணைப்பது சீட் ஹீட்டரையும் ஸ்டீயரிங் ஹீட்டரையும்தான். கேபின் ஹீட்டர் மட்டும் 22 டிகிரியில் ஓடிக்கொண்டே இருக்கும். குறைக்க வேண்டியதை விட்டுவிட்டு, அணைக்க வேண்டாததை அணைக்கிறார்கள்.

என் காரில் ஒருமுறை சீட் ஃபியூஸ் வயரில் கிளாம்ப் மீட்டர் மாட்டிப் பார்த்தேன். போட்டவுடன் சுமார் 6 ஆம்பியர், அதாவது 70 வாட் சொச்சம். சில நிமிடங்களில் சீட் சூடானதும் மின்சாரம் விட்டு விட்டு ஓட ஆரம்பித்தது. சராசரி 40 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்டீயரிங்குக்கு இன்னொரு 30. ஒரு மணி நேரத்துக்கு 0.07 யூனிட்தான். 100 கிலோமீட்டருக்கு 18 யூனிட் இழுக்கும் காரில் அது 400 மீட்டர் ஓட்டத்துக்குச் சமம். கேபின் ஹீட்டர் சராசரியாக 2 கிலோவாட் எடுத்தால் அதே ஒரு மணி நேரத்தில் 11 கிலோமீட்டர் போய்விடும்.

சரி, சீட் ஹீட்டரைப் போட்டால் கேபின் ஹீட்டர் தானாகக் குறையுமா? பல கார்களில் குறையாது. இங்கேதான் அடுத்த தவறு நடக்கிறது. ஆட்டோ கிளைமேட் பார்ப்பது கேபின் காற்றின் வெப்பத்தை; உங்கள் முதுகு சூடாக இருப்பது அதற்குத் தெரியாது. அதனால் செட் செய்த 22-ஐ நீங்களே 18, 19-க்கு இறக்க வேண்டும். காற்றை அடியோடு நிறுத்திவிடாதீர்கள், கண்ணாடியில் ஆவி படியும்.

சில கார்களில் சீட்டுக்கும் 'ஆட்டோ' உண்டு. வெளி வெப்பம், உள் வெப்பம், நீங்கள் வைத்த டிகிரி மூன்றையும் பார்த்து, முதலில் அதிகமாகத் தொடங்கிப் படிப்படியாக இறக்கும். சீக்கிரம் சூடாகட்டும் என்று 28 வைத்தால் காற்று வேகமாகச் சூடாகிவிடாது. சீட்தான் தேவைக்கு மேல் நேரம் உயர் நிலையில் நிற்கும். இடையில் பட்டனைத் தொட்டால் அந்தப் பயணம் முழுக்க ஆட்டோ விலகிவிடும் கார்களும் உண்டு. "ஆட்டோ வேலை செய்யவில்லை" என்ற புகாருக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

வென்டிலேட்டட் சீட்டில் பெரும்பாலும் இருப்பது சின்ன மின்விசிறிதான், ஏசி இல்லை. 10, 20 வாட் போதும் அதற்கு. கேபின் காற்றையே சீட் வழியாக ஓட்டும். வெயிலில் நின்ற காரில் ஏறியதும் போட்டால் முதுகைச் சுற்றி ஓடுவது அனல் காற்று. முதலில் ஜன்னலை இறக்கி அனலை வெளியேற்றுங்கள், ஏசி சில நிமிடம் ஓடட்டும், அப்புறம் சீட் விசிறியைப் போடுங்கள். முதுகில் வியர்வை உலர்ந்ததும் ஏசியை இரண்டு டிகிரி ஏற்றினாலும் சுகமாகவே இருக்கும். ஆனால் மேலே தடித்த சீட் கவர் போட்டிருந்தால் துளைகள் அடைபட்டு, விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.