நாலு லிங்க் போட்டும் காப்பி வேகம் ஏறவில்லையா? லிங்க் அக்ரிகேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே நாலு 1 கிகாபிட் கேபிள்களைச் சேர்த்து, அவற்றை ஒரே லிங்க்காக இயங்க வைக்கும் எல்ஏசிபி போட்டிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு சர்வர், இரண்டிலும் 10 கிகாபிட் கார்டு. 400 ஜிபி பேக்கப் ஃபைலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் காப்பி செய்தால் கால் மணி நேரத்தில் முடியும் என்று எதிர்பார்க்கிறீர்கள். ஆனால் காப்பி வினாடிக்கு சுமார் 117 எம்பியிலேயே நின்று, ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கிறது. 1 கிகாபிட் லிங்க் ஒன்றில் டிசிபி தரக்கூடிய உச்ச வேகமே அவ்வளவுதான். டிஸ்க்கையும் கேபிளையும் சந்தேகப்பட்டு நாளைக் கழிப்பதுதான் இங்கே பலரும் செய்யும் முதல் தவறு. எதுவும் பழுதாகவில்லை.

பாக்கெட்டை அனுப்பும் சுவிட்ச், அதன் முகவரிகளை எடுத்து ஒரு சின்னக் கணக்குப் போடுகிறது. அதுதான் ஹாஷ். வரும் விடையை வைத்து எந்த லிங்க் என்று தீர்மானிக்கிறது. ஒரே காப்பியின் எல்லா பாக்கெட்டிலும் முகவரியும் டிசிபி போர்ட் எண்ணும் ஒன்றுதான். அதனால் விடையும் ஒன்றுதான், லிங்க்கும் ஒன்றுதான். மற்ற மூன்றும் சும்மா கிடந்தாலும் அவற்றின் பக்கம் ஒரு பாக்கெட்கூடப் போகாது.

ஏன் வரிசையாக ஒவ்வொரு லிங்க்கிலும் ஒரு பாக்கெட் அனுப்பக்கூடாது? பல நெட்வொர்க் கார்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் லினக்ஸ் பாண்டிங்கில் `balance-rr` அதைத்தான் செய்கிறது. அதைப் பார்த்து ஆசைப்படுவது அடுத்த தவறு. ஒவ்வொரு லிங்க்கிலும் காத்திருக்கும் வரிசையின் நீளம் வேறு. பின்னால் கிளம்பிய பாக்கெட் முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். பெறும் பக்கம் இன்னும் வராத முந்தைய பாக்கெட்டைக் கேட்டு ஒரே ஒப்புகையைத் திரும்பத் திரும்ப அனுப்பும். வழக்கமான டிசிபி, மூன்று நகல் ஒப்புகை வந்ததும் தொலையாத பாக்கெட்டை மறுபடி அனுப்பி, வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். ஒரே உரையாடலின் பாக்கெட்டுகள் வரிசை மாறக்கூடாது என்பது 2000-இல் வந்த 802.3ad தரத்திலேயே இருக்கும் நிபந்தனை. ஹாஷ் வைத்ததே அதைக் காப்பாற்றத்தான்.

சரி, பல பேர் சேர்ந்து காப்பி செய்தால் சமமாகப் பிரியுமா? இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கணக்கை எளிமையாக்கிப் பார்ப்போம். இரண்டு ஐபி முகவரிகளின் கடைசி எண்களை எக்ஸார் செய்து, 4-ஆல் வகுத்து, மீதியை லிங்க் எண்ணாகக் கொள்வோம். சர்வர் 192.168.10.20. அதனுடன் பேசும் மூன்று கம்ப்யூட்டர்களின் கடைசி எண்கள் 12, 16, 24.

```
12 XOR 20 = 24   24 mod 4 = 0
16 XOR 20 =  4    4 mod 4 = 0
24 XOR 20 = 12   12 mod 4 = 0
```

மூன்றும் ஒரே லிங்க்கில் போய் விழுகின்றன. உண்மையான சுவிட்சுகளின் கணக்கு இதைவிடச் சிக்கலானது, ஆனாலும் மோதல் இருக்கும். நாலு ஃப்ளோக்கள், அதாவது நாலு தனித்தனி உரையாடல்கள், நாலு லிங்க்கில் ஆளுக்கொன்றாக அமைய வாய்ப்பு 256-இல் 24, அதாவது பத்து சதவீதத்துக்கும் கீழே. ஹாஷ் எந்த லிங்க்கில் நெரிசல் என்று பார்ப்பதில்லை. முகவரியை மட்டும்தான் பார்க்கிறது.

இன்னொன்று, ஹாஷுக்கு எந்தப் புலத்தைக் கொடுக்கிறீர்கள் என்பது. சிஸ்கோவின் சில பழைய கேட்டலிஸ்ட் சுவிட்சுகளில் இயல்பாக அனுப்புநரின் மேக் முகவரி மட்டும்தான் கணக்கில் வரும். ஒரு ரவுட்டரைத் தாண்டி வரும் பாக்கெட் எல்லாவற்றிலும் அனுப்புநர் மேக் அந்த ரவுட்டருடையது. ஆயிரம் பேர் பேசினாலும் சுவிட்சுக்கு ஒருவர் பேசுவதுபோலத்தான் தெரியும். இப்போது எது ஓடுகிறது என்று பார்த்து மாற்றுங்கள்:

```
show etherchannel load-balance
configure terminal
port-channel load-balance src-dst-ip
```

இதை ஒரு சுவிட்சில் மட்டும் செய்துவிட்டு முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். போகும் பாதையை அனுப்பும் சுவிட்ச்தான் தேர்ந்தெடுக்கிறது; வரும் பாதை எதிர்ப்பக்கத்துச் சுவிட்சின் முடிவு. பதிவிறக்கம் மட்டும் ஒரே லிங்க்கில் நெரிகிறது என்றால், பெரும்பாலும் மாற்ற மறந்தது அந்தப் பக்கம்தான்.

சோதிக்கும்போதும் கவனம் வேண்டும். நெட்வொர்க் வேகத்தை அளக்கும் `iperf3`-ஐ ஒற்றை இணைப்பில் ஓட்டினால் எப்போதும் சுமார் 940 மெகாபிட்தான் வரும். `iperf3 -c 192.168.10.20 -P 8` என்றால் எட்டு இணைப்புகள். ஆனால் இவற்றில் போர்ட் எண்கள் மட்டுமே மாறுவதால், ஹாஷ் ஐபியோடு நின்றால் எட்டும் ஒரே லிங்க்கில்தான் போகும். டிசிபி போர்ட்டையும் சேர்க்கும் முறையை உங்கள் சுவிட்ச் ஆதரித்தால்தான் பிரியும். ஓடும்போதே சுவிட்சில் அந்த நாலு கேபிள்களும் செருகியிருக்கும் ஒவ்வொரு போர்ட்டின் அனுப்பும் கவுண்டரையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று மட்டும் உச்சத்தில் நின்று மற்றவை அசையாமல் இருந்தால், காரணம் ஹாஷ்தான்.

அந்த 400 ஜிபிக்கு இரண்டு வழி உண்டு. போர்ட்டையும் பார்க்கும் ஹாஷ் இருந்தால், பல டிசிபி இணைப்புகளைத் திறக்கும் கருவியால் வேலையைப் பிரிக்கலாம். விண்டோஸில் எஸ்எம்பி மல்ட்டிசேனல் அப்படித்தான் செய்கிறது. இல்லையேல் சுவிட்சுகளுக்கு நடுவே ஒரு 10 கிகாபிட் லிங்க்கை இழுக்க வேண்டும். அதைப் பழைய நாலோடு அதே குழுவில் சேர்க்கப் பார்க்காதீர்கள்: வேகம் வேறுபட்ட லிங்க்குகள் ஒரு குழுவாக இயங்காது.