சம்பளம் 35,000 கூடினால் அதில் எவ்வளவைச் சேமிப்புக்கு ஒதுக்க வேண்டும்?

சம்பளம் கூடி ஆறு மாதத்தில், மாதக் கடைசியில் கையில் நிற்கும் காசு பழைய அளவுக்கே வந்துவிடுவதுண்டு. பெரிதாக எதுவும் வாங்கியிருக்க மாட்டோம். பஸ்ஸுக்குப் பதில் த்ரீவீலர், வீட்டுச் சோற்றுப் பார்சலுக்குப் பதில் கடைச் சாப்பாடு, கொஞ்சம் பெரிய டேட்டா பெக்கேஜ் என்று மாதாமாதம் திரும்பி வரும் சின்னச் செலவுகள்தான் காசைத் தின்றிருக்கும். இதைத் தடுக்க, கூடிய சம்பளம் முதல் தடவை கணக்கில் விழுவதற்கு முன்பே சேமிப்பின் பங்கை முடிவு செய்ய வேண்டும். ஒரு மாதம் செலவழித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்றால், அந்த மாதச் செலவே வழக்கமாகிவிடும்.

கொழும்பில் தனியார் கம்பனியில் வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய சம்பளம் 180,000 ரூபாயிலிருந்து 215,000 ஆகிறது.

முதற்படி: கைக்கு வரும் உயர்வைக் கணக்கிடுங்கள்

கடிதத்தில் இருப்பது 35,000. கைக்கு வருவது அதைவிடக் குறைவு. ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது ஈபிஎப்புக்கு, ஊழியரிடமிருந்து 8% பிடிப்பார்கள். வருமான வரியும் உண்டு. 2025 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விகிதப்படி மாதம் 150,000 வரை வரி இல்லை. அதற்கு மேலுள்ள முதல் 83,333 ரூபாய்க்கு 6%.

பழைய சம்பளத்தில் ஈபிஎப் 14,400, வரி 1,800. கைக்கு வந்தது 163,800. புதிய சம்பளத்தில் ஈபிஎப் 17,200, வரி 3,900. கைக்கு வருவது 193,900. ஆக, உண்மையான உயர்வு 30,100 ரூபாய். முழுச் சம்பளத்துக்கும் ஈபிஎப் பிடிப்பதாக வைத்துத்தான் இந்தக் கணக்கு. ஓவர்டைமுக்கு ஈபிஎப் இல்லை என்பதால், உங்கள் பேசிலிப்பில் எதற்குப் பிடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த உயர்வால் ஈபிஎப்பில் மாதம் 7,000 கூடுதலாகச் சேரும்: உங்கள் பங்கு 2,800, முதலாளியின் 12% பங்கு 4,200. இதையே சேமிப்பு என்று எண்ணிச் சும்மா இருந்துவிடாதீர்கள். பொதுவாக ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதில் வரும் காசு அது. வேலை போனால் அடுத்த மாத வாடகைக்கு அதை நம்ப முடியாது.

இரண்டாம் படி: விலையேற்றத்தைக் கழியுங்கள்

அதே வீடு, அதே சாப்பாடு, அதே பஸ் என்றாலும் போன வருடச் செலவில் இந்த வருடம் ஓடாது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் மாதாமாதம் வருகிறது. ஆனால் அது எல்லோருக்குமான சராசரி. உங்கள் வாடகை, மின்சாரம், பள்ளிக் கட்டணம், மளிகை ஆகியவற்றின் போன வருட பில்களையும் இந்த மாத பில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நல்லது.

நம் உதாரணத்தில் முன்பு மாதச் செலவு 140,000, இப்போது அது 7,000 கூடியிருக்கிறது என்று வைப்போம். 30,100 இல் அதைக் கழித்தால் மிஞ்சுவது 23,100. ஊரிலுள்ள அம்மா அப்பாவுக்கு அனுப்பும் காசைக் கூட்ட வேண்டியிருந்தால் அதையும் இங்கேயே கழியுங்கள். அது ஆடம்பரம் அல்ல. ஆடம்பரத்தோடு சேர்த்து எழுதினால் இரண்டுக்கும் சண்டை வரும்.

மூன்றாம் படி: பங்கை முடிவு செய்யுங்கள்

முதலில் எதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று பாருங்கள். இவர் முன்பு 163,800 இல் 23,800 சேமித்தார், ஏறத்தாழ 14.5%. கூடிய 30,100 இலும் அதே 14.5%, அதாவது சுமார் 4,400 ரூபாயாவது சேமிப்புக்குப் போனால்தான் அவர் இருந்த இடத்தில் இருப்பார். அதற்குக் குறைந்தால், சேமிக்கும் தொகை மாறாவிட்டாலும் அவர் பின்னால் போகிறார்.

காரணம், செலவு கூடும்போது அவசர நிதியும் பெரிதாக வேண்டும். ஆறு மாதச் செலவைச் சேர்ப்பதே நோக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு அது 840,000; மாதம் 23,800 போட்டால் ஏறத்தாழ 35 மாதம். உயர்வு முழுவதையும் செலவழித்தால் மாதச் செலவு 170,100, தேவையான நிதி 1,020,600. பழைய 23,800 ஐயே போட்டு வந்தால் ஏறத்தாழ 43 மாதம் ஆகும். சம்பளம் கூடியவருக்கு எட்டு மாதம் பிந்துகிறது!

எங்கள் பரிந்துரை, மிஞ்சிய 23,100 இல் 60%. சுமாராக 14,000 சேமிப்புக்கு, 9,100 வாழ்க்கை வசதிக்கு. இப்போது செலவு 156,100, சேமிப்பு 37,800, தேவையான நிதி 936,600. அது 25 மாதத்தில் நிரம்பிவிடும். முழுவதையும் சேமிக்கச் சொல்லாததற்குக் காரணம், ஒரு ரூபாயும் அனுபவிக்க முடியாத திட்டம் இரண்டு மாதம்தான் தாங்கும்.

கடனட்டையில் நிலுவை இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அது தீரும்வரை 23,100 முழுவதும் அங்கே போகட்டும். அட்டைக்குக் கட்டும் வட்டியை எந்த நிலையான வைப்பும் திருப்பித் தராது.

நான்காம் படி: காசை நகர்த்துங்கள்

சம்பளக் கணக்கிலிருந்து வேறொரு கணக்குக்கு மாதாமாதம் தானாகவே காசை மாற்றும் நிலையியற் கட்டளை போடுங்கள். ஏடிஎம் அட்டை இல்லாத கணக்காக இருப்பது நல்லது. ஏற்கனவே ஓடும் கட்டளையின் தொகையை 23,800 இலிருந்து 37,800 ஆக மாற்றினாலும் போதும். சம்பளம் 25ஆம் திகதி விழுகிறதென்றால் கட்டளையை 25க்கே போடாதீர்கள். 25 ஞாயிறாகவோ போயாவாகவோ இருந்து சம்பளம் பிந்தினால் கணக்கில் காசு இராது, கட்டளை தவறிவிடும். அதற்குக் கட்டணம் பிடிக்கும் வங்கிகளும் உண்டு. இரண்டு மூன்று நாள் தள்ளிப் போடுங்கள்.

உயர்வு இரண்டு மூன்று மாதம் பிந்திக் கிடைத்தால் நிலுவையும் மொத்தமாக வரும். அந்த மாதங்களை ஏற்கனவே பழைய சம்பளத்தில் ஓட்டிவிட்டீர்கள். ஆகவே அதை அப்படியே அவசர நிதியில் போடலாம்.

ஐந்தாம் படி: 9,100 ரூபாயைக் காத்துக்கொள்ளுங்கள்

அதிகம் பிழை விடுவது இங்கேதான். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வாரம் மூன்று காலை பஸ்ஸை விட்டு த்ரீவீலரில் போகிறீர்கள், ஒரு தடவைக்கு 600 ரூபாய் கூடுகிறது என்று வையுங்கள். மாதம் 13 தடவை, 7,800 ரூபாய். 9,100 இல் 1,300தான் மீதி. காலையில் அந்த அரைமணி நேரத் தூக்கம் உங்களுக்கு அவ்வளவு பெறுமதியானதென்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அதற்கு மேல் புது பெக்கேஜும் ஜிம்மும் சேர இடமில்லை.

ஒரு மாதம் கொத்து ரொட்டிக்குக் கூடுதலாகச் செலவழித்தால் அடுத்த மாதம் நிறுத்திவிடலாம். லீசிங்கும் பெரிய வாடகை வீடும் அப்படியல்ல. கையெழுத்திட்ட பிறகு வேலை மாறினாலும் தவணை குறையாது. உயர்வு கிடைத்து முதல் ஆறு மாதத்துக்கு ஒப்பந்தம் எதிலும் கையெழுத்து வேண்டாம் என்பது எங்கள் கண்டிப்பான அபிப்பிராயம்.

மூன்றாம் மாத முடிவில்

சேமிப்புக் கணக்கின் மீதி எவ்வளவு கூடியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். போட்ட தொகையைப் பார்க்க வேண்டாம். மாதம் 37,800 என்றால் மூன்று மாதத்தில் 113,400 கூடியிருக்க வேண்டும். 80,000தான் கூடியிருக்கிறதென்றால் நீங்கள் திரும்ப எடுத்திருக்கிறீர்கள். கடனட்டை பில் பழைய சம்பளக் காலத்தை விடப் பெருத்திருந்தாலும் அதே கதைதான், காசு வேறு வாசலால் போகிறது. எடுத்தது ஒரே தடவை, வைத்தியச் செலவு போன்ற ஒன்றுக்கு என்றால் திட்டத்தில் கை வைக்க வேண்டாம். மாதாமாதம் எடுத்திருந்தால் முதலில் ஐந்தாம் படியில் ஒரு செலவை வெட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் சரிவராவிட்டால் இரண்டாம் படியில் விலையேற்றத்தைக் குறைத்து எழுதியிருப்பீர்கள். அந்த 7,000 ஐ 10,000 ஆகத் திருத்தி, மிஞ்சும் 20,100 இல் 60% ஐ, அதாவது 12,000 ஐ மட்டும் சேமிப்புக்கு வைத்து, கட்டளையை 35,800 ஆக மாற்றுங்கள்.