ஐகன் மதிப்பைக் கண்டுபிடிக்காமலே அதன் குறியை எண்ணுவது எப்படி?

காட்பாடியில் எங்கள் வீட்டு மாடியில் நடக்கும் டியூஷனுக்குக் குடியாத்தத்திலிருந்து ஒரு பையன் வருகிறான். போன வாரம் இந்தச் சமச்சீர் அணியைக் கொடுத்து, எத்தனை ஐகன் மதிப்புகள் மிகை, எத்தனை குறை என்று கேட்டேன்.

```
1  2  0
2  1  2
0  2  1
```

முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டியதில்லை. ஒரே விதிதான்: நிரையில் எதைச் செய்கிறோமோ, அதையே உடனே நிரலிலும் செய்ய வேண்டும். PᵀAP என்பது இதுதான் (P-க்கு நேர்மாறு இருக்க வேண்டும்).

முதலில் R2 − 2R1, கூடவே C2 − 2C1.

```
1  0  0
0 -3  2
0  2  1
```

அப்புறம் R3 + (2/3)R2, கூடவே C3 + (2/3)C2. மூலைவிட்டத்தில் 1, −3, 7/3 மட்டும் மிஞ்சும். இரண்டு மிகை, ஒன்று குறை. உண்மையான ஐகன் மதிப்புகள் 1, 1+2√2, 1−2√2. எண்கள் வேறு, ஆனால் அங்கேயும் இரண்டு மிகை, ஒன்று குறை.

பையன் வேறு மாதிரி செய்தான். −3 கண்ணை உறுத்தியதோ என்னவோ, இரண்டாம் நிரையை மட்டும் −1-ஆல் பெருக்கி, "அண்ணா, மூணுமே பிளஸ்" என்றான். நிரலையும் பெருக்கியிருந்தால் (−1)² = 1, அந்த −3 அப்படியே நின்றிருக்கும். இந்தத் தப்பை அணிக்கோவை காட்டிக்கொடுக்கும்: அது det(P)² மடங்காகத்தான் மாறும், குறி மாறாது. நம் அணிக்கு அது −7. மூன்றும் மிகையானால் பெருக்கல் எப்படிக் குறையாகும்?

எண்ணிக்கை ஏன் மாறாது? xᵀAx என்ற மதிப்பைப் பாருங்கள். இரண்டு மிகை என்றால், ஆதி வழியாகப் போகும் ஒரு தளம் முழுக்க (ஆதி தவிர) அது பூச்சியத்தைவிடப் பெரியது. வேறொரு P-யில் ஒரே ஒரு மிகைதான் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது இன்னொரு தளத்தில் அதே மதிப்பு பூச்சியம் அல்லது அதற்கும் கீழே. ஆனால் முப்பரிமாணத்தில் ஆதி வழியாகப் போகும் இரு தளங்கள், அறையின் இரண்டு சுவர்கள் மூலையில் சேர்வதுபோல, ஒரு கோட்டிலாவது சேர்ந்தே தீரும். அந்தக் கோட்டில் ஒரே மதிப்பு இரண்டு விதமாகவும் இருக்க முடியாது. ஐகன் மதிப்புகளை மூலைவிட்டத்தில் வைக்கும் QᵀAQ-வும் இதே வகை மாற்றம்தான். அதனால் அவற்றின் குறிகளும் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும். 1852-இல் சில்வெஸ்டர் வெளியிட்ட விதி இது.

மூலைவிட்டத்தில் பூச்சியம் வந்தால்தான் சிக்கல்.

```
0  1
1  0
```

இதைப் பார்த்ததும் "இரண்டும் பூச்சியம்" என்று எழுதிவிடாதீர்கள். பக்கத்தில் 1 இருக்கும்வரை மூலைவிட்டத்தை எண்ணக் கூடாது. R1 + R2, C1 + C2 செய்தால் முதல் இடத்தில் 2 வரும். பிறகு R2 − (1/2)R1, C2 − (1/2)C1 செய்தால் மூலைவிட்டத்தில் 2, −1/2. ஒன்று மிகை, ஒன்று குறை.