வேகமாக வளர்ந்து பிறகு நிதானமாகும் நிறுவனம்: பங்கின் விலையை டிவிடெண்ட் வைத்துக் கணக்கிடுவது எப்படி?

ஒரு பங்கை வாங்கினால் அதிலிருந்து நம் கைக்கு வரப்போகும் பணம் டிவிடெண்ட்தான். இனி வரப்போகும் எல்லா டிவிடெண்டுகளின் இன்றைய மதிப்பையும் கூட்டினால், அந்தப் பங்குக்கு இன்று என்ன கொடுக்கலாம் என்று தெரிந்துவிடும். டிவிடெண்ட் தள்ளுபடி முறை இவ்வளவுதான்.

டிவிடெண்ட் ஆண்டுதோறும் ஒரே வேகத்தில் வளரும் என்று வைத்துக்கொண்டால், கார்டன் சூத்திரம் ஒரே வரியில் விடை சொல்லிவிடும். ஆனால் இன்று 15 சதவீதத்தில் வளரும் நிறுவனம் காலம் முழுக்க அப்படியே வளராது. அதனால்தான் இரண்டு கட்டமாகப் பிரிக்கிறோம்: முதல் சில ஆண்டுகள் வேக வளர்ச்சி, அதன்பின் நிலையான வளர்ச்சி. முதல் கட்டத்தை ஆண்டு ஆண்டாகக் கணக்கிடுகிறோம். இரண்டாம் கட்டத்தை கார்டன் சூத்திரத்திடம் விட்டுவிடுகிறோம்.

முதலில்: இந்தப் பங்குக்கு இந்த முறை பொருந்துமா?

நிறுவனம் தன் லாபத்தில் ஓரளவு பங்கைத் தொடர்ந்து டிவிடெண்டாகக் கொடுக்க வேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப். நல்ல எதிர் உதாரணம். 2023-24 நிதியாண்டுக்கு அது கொடுத்தது ஒரு பங்குக்கு ₹200. அந்த ஆண்டு ஒரு பங்குக்கான லாபம் ₹4,900-ஐ ஒட்டி இருந்தது. லாபத்தில் 4 சதவீதம்தான் பங்குதாரர் கைக்கு வந்தது. இதை டிவிடெண்டை வைத்து மதிப்பிட்டால், சந்தை விலைக்குச் சம்பந்தமே இல்லாத சின்ன எண் கிடைக்கும். பங்கு மோசம் என்று இதற்குப் பொருள் இல்லை, அந்தப் பங்குக்கு இந்தக் கருவி சரிப்படாது, அவ்வளவுதான். டிவிடெண்டுக்குப் பதில் பைபேக், அதாவது தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்குவது, வழியாகப் பணம் திருப்பித் தரும் நிறுவனங்களுக்கும் இதே சிக்கல் உண்டு.

படி 1: போன ஆண்டின் டிவிடெண்டைச் சரியாக எடுங்கள்

கணக்கு இங்கேயே தடம் மாறக்கூடும். நம் நாட்டில் டிவிடெண்டை முக மதிப்பின் சதவீதமாக அறிவிக்கும் வழக்கம் இருக்கிறது. ‘500% டிவிடெண்ட்’ என்று செய்தி வந்தால், முக மதிப்பு ₹2 உள்ள பங்குக்கு அது ₹10. முக மதிப்பு ₹1 என்றால் ₹5. சந்தை விலைக்கும் அந்தச் சதவீதத்துக்கும் தொடர்பே கிடையாது.

இடைக்கால டிவிடெண்ட், இறுதி டிவிடெண்ட் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். மேலே சொன்ன எம்.ஆர்.எஃப்.-இன் ₹200 என்பது ₹3, ₹3, ₹194 என்று மூன்று தவணையாக வந்தது. ஒரு தவணையை மட்டும் பார்த்தால் ₹3 என்று எழுதிவிடுவோம். சொத்து விற்றதால் கிடைத்த சிறப்பு டிவிடெண்ட் இருந்தால் கழித்துவிடுங்கள், அது அடுத்த ஆண்டு வராது. நடுவில் போனஸ் பங்கோ பங்குப் பிரிப்போ நடந்திருந்தால், பழைய டிவிடெண்டை இன்றைய பங்கு எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

இனி ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பங்குக்கான லாபம், அதாவது ஈ.பி.எஸ்., ₹25. டிவிடெண்ட் ₹10. லாபத்தில் 40 சதவீதத்தைக் கொடுத்துவிட்டு 60 சதவீதத்தைத் தொழிலில் மறுபடியும் போடுகிறது.

படி 2: வளர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

வளர்ச்சி விகிதத்தை மனம்போன போக்கில் எழுதக் கூடாது. நிறுவனம் எவ்வளவு லாபத்தை உள்ளே வைத்துக்கொள்கிறது, அந்தப் பணத்தில் எவ்வளவு சம்பாதிக்கிறது என்ற இரண்டின் பெருக்கல்தான் வளர்ச்சி. இதில் payout என்பது லாபத்தில் டிவிடெண்டாகக் கொடுக்கும் விகிதம்:

```
g = ROE × (1 − payout)
```

நம் நிறுவனத்தின் ஆர்.ஓ.ஈ., அதாவது பங்குதாரர் முதலீட்டின் மேல் கிடைக்கும் லாபம், 25 சதவீதம். உள்ளே வைப்பது 60 சதவீதம். ஆகவே வளர்ச்சி 15 சதவீதம். இது ஐந்து ஆண்டுகள் நீடிக்கும் என்று வைப்போம். அதன்பின் 6 சதவீதம்.

இரண்டாம் கட்ட வளர்ச்சியைப் பத்தாண்டு அரசுப் பத்திர வட்டிக்கு மேலே போக விடாதீர்கள். ஒரு நிறுவனம் நாட்டின் பொருளாதாரத்தைவிட வேகமாக என்றென்றைக்கும் வளர்ந்தால், ஒரு நாள் அந்தப் பொருளாதாரத்தையே விழுங்கியிருக்க வேண்டும். இதைக் கட்டுப்படுத்தப் பத்திர வட்டி எளிய வரம்பு.

படி 3: நமக்கு வேண்டிய வருமானம்

இந்த அபாயத்தை ஏற்பதற்கு ஆண்டுக்கு எவ்வளவு சதவீதம் கிடைத்தால் நமக்குத் திருப்தி? அரசுப் பத்திரம் 7 சதவீதம், பங்குச் சந்தை அபாயத்துக்கு மேலே 5 சதவீதம் என்று வைத்து 12 சதவீதம் எடுத்துக்கொள்வோம். இது இரண்டாம் கட்ட வளர்ச்சியைவிடக் கண்டிப்பாக அதிகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டன் சூத்திரம் வேலை செய்யாது.

முதல் கட்ட வளர்ச்சி 15 சதவீதம், நம் வருமானமோ 12 சதவீதம்தான், இது தப்பில்லையா என்று கேட்கத் தோன்றும். தப்பில்லை. முதல் கட்டம் ஐந்து ஆண்டில் முடிந்துவிடுவதால் கூட்டல் எங்கோ ஓடிப்போகாது.

படி 4: ஐந்து ஆண்டு டிவிடெண்ட்

ஒவ்வோர் ஆண்டும் 1.15-ஆல் பெருக்கி, 1.12-ஐ அத்தனை முறை பெருக்கிய எண்ணால் வகுக்க வேண்டும்.

| ஆண்டு | டிவிடெண்ட் (₹) | இன்றைய மதிப்பு (₹) |
|---|---|---|
| 1 | 11.50 | 10.27 |
| 2 | 13.23 | 10.54 |
| 3 | 15.21 | 10.83 |
| 4 | 17.49 | 11.12 |
| 5 | 20.11 | 11.41 |

மொத்தம் ₹54.16. எண்களை இரண்டு தசமத்துக்குச் சுருக்கியதால் இங்கும் பின்னாலும் ஒரு பைசா முன்பின் தெரியலாம். இன்றைய மதிப்பு வருடாவருடம் குறையாமல் ஏறுகிறதே என்று குழம்ப வேண்டாம். டிவிடெண்டின் வேகம் தள்ளுபடியின் வேகத்தைவிட அதிகம், அதனால்தான் ஏறுகிறது.

படி 5: ஐந்தாம் ஆண்டுக்குப் பின் வரும் எல்லாம்

ஐந்தாம் ஆண்டின் முடிவில் நின்று, ஆறாம் ஆண்டின் டிவிடெண்டைப் பார்க்கிறோம். கார்டன் சூத்திரத்தில் D6 என்பது அந்த டிவிடெண்ட், r நமக்கு வேண்டிய வருமானம், g2 இரண்டாம் கட்ட வளர்ச்சி, TV ஐந்தாம் ஆண்டு முடிவில் உள்ள மதிப்பு:

```
TV = D6 / (r − g2)
```

பெரும்பாலானோர் ஐந்தாம் ஆண்டு டிவிடெண்டை 1.06-ஆல் பெருக்குவார்கள். ₹21.32 வரும். அதை 0.06-ஆல் வகுத்தால் ₹355.34. இது ஐந்தாம் ஆண்டு முடிவில் உள்ள மதிப்பு, ஆகவே 1.12-ஐ ஐந்து முறை பெருக்கி வகுக்க வேண்டும், ஆறு முறை அல்ல. இன்றைய மதிப்பு ₹201.63. முதல் கட்டத்தோடு கூட்டினால் ₹255.79.

கூட்டல் கழித்தலில் குறை இல்லை. ஆனாலும் விடை தவறு என்பது என் கருத்து. ஏன் என்பதில்தான் இந்த முறையின் உயிர்நாடி இருக்கிறது.

படி 6: வளர்ச்சி குறைந்தால் லாபத்தில் டிவிடெண்டாகத் தரும் விகிதம் கூட வேண்டும்

மேலே உள்ள கணக்கு சத்தமில்லாமல் ஓர் அனுமானத்தைச் செய்துவிட்டது: வளர்ச்சி 6 சதவீதமாக இறங்கிய பின்னும் நிறுவனம் லாபத்தில் 60 சதவீதத்தை உள்ளேயே வைத்துக்கொள்கிறது. படி 2-இன் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 60 சதவீதத்தை உள்ளே போட்டு 6 சதவீதம்தான் வளர்கிறது என்றால், அந்தப் பணம் சம்பாதிப்பது வெறும் 10 சதவீதம். நமக்கு வேண்டியதோ 12. அதாவது, நிர்வாகம் காலம் முழுக்க நம் பணத்தை நட்டத்துக்குப் போடும் என்று நாமே எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

விரிவாக்கம் குறைந்தால் ஆலைக்கும் கிடங்குக்கும் செலவு குறையும், மிச்சப் பணம் டிவிடெண்டாக வெளியே வரும். நிலைத்த கட்டத்தில் போட்டி வந்து ஆர்.ஓ.ஈ. 25-இலிருந்து 15 சதவீதமாகக் குறையும் என்று வைப்போம். 6 சதவீதம் வளர லாபத்தில் 6/15, அதாவது 40 சதவீதத்தை உள்ளே வைத்தால் போதும். மீதி 60 சதவீதம் டிவிடெண்ட்.

ஆகவே ஆறாம் ஆண்டு டிவிடெண்டை லாபத்திலிருந்து கணக்கிடுவோம். ₹25 ஐந்து ஆண்டில் ₹50.28 ஆகிறது, ஆறாம் ஆண்டில் ₹53.30. அதில் 60 சதவீதம் ₹31.98. 0.06-ஆல் வகுத்தால் ₹533.01. இன்றைய மதிப்பு ₹302.44. முதல் கட்டத்தின் ₹54.16-ஐச் சேர்த்தால் ₹356.61.

₹256-க்கும் ₹357-க்கும் இடையில் நூறு ரூபாய் வித்தியாசம். வளர்ச்சியும் வட்டியும் மாறவில்லை. சந்தையில் ₹300-க்குக் கிடைத்தால் முதல் கணக்கு ‘விலை அதிகம்’ என்கிறது, இரண்டாவது ‘வாங்கலாம்’ என்கிறது.

எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் போட, B1 முதல் B7 வரை ஈ.பி.எஸ்., டிவிடெண்ட், முதல் வளர்ச்சி, ஆண்டுகள், இரண்டாம் வளர்ச்சி, நிலைத்த ஆர்.ஓ.ஈ., வேண்டிய வருமானம் என்று வரிசையாக எழுதுங்கள். பிறகு:

```
B8: =B2*(1+B3)/(B7-B3)*(1-((1+B3)/(1+B7))^B4)
B9: =B1*(1+B3)^B4*(1+B5)*(1-B5/B6)
B10: =B9/(B7-B5)/(1+B7)^B4
B11: =B8+B10
```

முதல் வளர்ச்சியும் வேண்டிய வருமானமும் ஒரே எண்ணாக இருந்தால் B8-இல் பூஜ்யத்தால் வகுக்கும் பிழை வரும். அப்போது ஆண்டு வாரியாகவே போடுங்கள்.

படி 7: எண்களை அசைத்துப் பாருங்கள்

மொத்த மதிப்பில் சுமார் 85 சதவீதம் ஐந்து ஆண்டுக்குப் பின் வருவது. அதனால் அனுமானங்களை மாற்றிப் பார்க்காமல் விடையை நம்பக் கூடாது.

இரண்டாம் வளர்ச்சியை 5, 7 சதவீதமாக மாற்றினால் நம் கணக்கு ₹339, ₹380 என்கிறது. டிவிடெண்ட் விகிதத்தை மாற்றாத பழைய கணக்கில் இதே மாற்றம் ₹225, ₹298 என்று அலைகிறது. கூடுதல் வளர்ச்சிக்குக் கூடுதல் பணத்தை உள்ளே வைக்க வேண்டும் என்பதால், சரியான கணக்கில் வளர்ச்சி இலவசமாக வருவதில்லை. அந்த எண்ணில் ஒரு சதவீதம் தவறினாலும் விடை அதிகம் தடம் புரளாது.

வேண்டிய வருமானம் அப்படியல்ல. 12-ஐ 13 ஆக்கினால் மதிப்பு ₹301, 11 ஆக்கினால் ₹435. ஆகவே ஒரே எண்ணை விடையாகப் பிடித்துக்கொள்ளாமல், ₹300 முதல் ₹435 வரை என்று வீச்சாக வைத்துக்கொண்டு, கீழ் எல்லைக்கு அருகில் கிடைக்கும்போது மட்டும் வாங்க யோசிப்பது என் வழக்கம்.

ஒரு குறை மிச்சம் இருக்கிறது. வளர்ச்சி ஐந்தாம் ஆண்டு 15, ஆறாம் ஆண்டு 6 என்று ஒரே நாளில் விழாது, படிப்படியாகத்தான் இறங்கும். உங்கள் நிறுவனத்துக்கு அது முக்கியம் என்று தோன்றினால், ஷீட்டில் ஆறு முதல் பத்தாம் ஆண்டு வரை வளர்ச்சியை 13, 11, 10, 8, 7 என்று இறக்கி, ஒவ்வோர் ஆண்டுக்கும் டிவிடெண்ட் விகிதத்தையும் அதற்கேற்ப ஏற்றி, கார்டன் சூத்திரத்தைப் பதினோராம் ஆண்டிலிருந்து தொடங்குங்கள்.