ஆள் எடுக்கும்போது வயது எந்த வழியாக உள்ளே வருகிறது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024இல் ஒரு சிறு தொழிற்சாலையின் முதலாளி கணக்காளர் ஒருவரைப் பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். 'பி.காம்., 2014 அல்லது அதற்குப் பிறகு முடித்தவர். 5 முதல் 8 வருட அனுபவம். டேலி, ஜிஎஸ்டி தெரிய வேண்டும். சம்பளம் 28,000.' வயதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். 2014இல் இருபது, இருபத்தொரு வயதில் பட்டம் வாங்கியவருக்கு அப்போது முப்பது, முப்பத்தொன்று. ஐந்து வருட அனுபவம் என்றால் குறைந்தது இருபத்தைந்து, இருபத்தாறு. 'வயது 26 முதல் 31 வரை' என்று நேராக எழுதியிருந்தாலும் இதே ஆட்கள்தான் வந்திருப்பார்கள்.

ஆள் எடுப்பவர்கள் அதிகம் செய்கிற தவறு இதுதான். வயதைக் கேட்காமல், வயதைக் காட்டிக்கொடுக்கிற ஒன்றைக் கேட்பது. பட்டம் முடித்த வருடம், அனுபவத்துக்கு மேல் வரம்பு, பத்தாம் வகுப்பு முடித்த வருடம், எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. வயதானவர்களை மட்டும் தள்ளுகின்றன என்று நினைக்க வேண்டாம். ஐடி கம்பெனிகள் புதியவர்களை எடுக்கும்போது 'இந்த வருடப் பேட்ச் மட்டும்' என்று போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆஃபர் லெட்டர் வாங்கி, சேரும் தேதி தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் வேலையே கிடைக்காத ஒரு இருபத்துமூன்று வயதுப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் அவன் 'பழைய பேட்ச்'. ஃப்ரெஷர் பட்டியலில் பெயர் இல்லை, அனுபவம் உள்ளவர் பட்டியலிலும் இல்லை. இருபத்துமூன்று வயதில் ஒருவனை 'வயதாகிவிட்டது' என்று ஒதுக்கும் கூத்து இது.

இந்த வடிகட்டி மென்பொருளில் ஏறிவிட்டால் எடுப்பவருக்கே அது மறந்துபோகும். அமெரிக்காவில் ஐட்யூட்டர்குரூப் என்ற இணையவழிப் பயிற்சி நிறுவனத்தின் வழக்கு நல்ல உதாரணம். 55 வயது கடந்த பெண்களையும் 60 வயது கடந்த ஆண்களையும் விண்ணப்ப மென்பொருள் தானாகவே நிராகரித்தது என்று அந்நாட்டு சம வேலைவாய்ப்பு ஆணையம் 2022இல் வழக்குப் போட்டது. வெளியே வந்த விதம்தான் சுவாரசியம். நிராகரிக்கப்பட்ட ஒருவர் அதே விண்ணப்பத்தை மறுபடி அனுப்பினார். மாற்றியது பிறந்த தேதியை மட்டும், கொஞ்சம் பிந்தையதாக. நேர்காணலுக்கு அழைப்பு வந்துவிட்டது. 2023இல் 3,65,000 டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. இந்தச் சோதனையை உங்கள் சொந்த விண்ணப்பப் படிவத்தில் நீங்களே செய்து பார்க்கலாம். ஒரே விவரங்களுடன், வருடத்தை மட்டும் இருபது தள்ளிப் போட்டு இரண்டு விண்ணப்பங்கள். அரை மணி நேர வேலை.

வேலையில் வயதுப் பாகுபாட்டைத் தடுக்கும் அமெரிக்காவின் 1967ஆம் வருடச் சட்டம் 40 வயது ஆனவர்களைத்தான் காக்கிறது. சின்ன வயது என்று ஒருவரை ஒதுக்கினால் அந்தச் சட்டம் உதவாது. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் எந்த வயதையும் சேர்த்துக்கொள்கிறது. நம் நாட்டில் தனியார் நிறுவனம் வயதை வைத்து ஆளை ஒதுக்குவதைப் பொதுவாகத் தடுக்கும் சட்டம் கிடையாது. அதனால்தான் '35 வயதுக்குள்' என்று சுவரொட்டியிலேயே அடிக்கிறார்கள். சில இடங்களில் சட்டமே வயது கேட்கிறது என்பதும் உண்மை. 20 வயது ஆகாதவரை லாரி ஓட்டுநராக எடுக்க முடியாது. அது வேறு விஷயம்.

சரி, அந்தக் கணக்காளர் வேலைக்கு வருவோம். '8 வருடத்துக்கு மேல் வேண்டாம்' ஏன் என்று கேட்டேன். "பழைய ஆளுக்கு வாட்தான் தெரியும், ஜிஎஸ்டி வராது" என்றார் முதலாளி. ஜிஎஸ்டி 2017 ஜூலையில் வந்தது. அன்றைக்கு வேலையில் இருந்த எல்லாரும் ஒரே நாளில்தான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்கள், முப்பது வருடம் கணக்கு எழுதியவரும் சரி, மூன்று வருடம் எழுதியவரும் சரி. அனுபவ வருடத்தை விட்டுவிட்டு, மாதத்தில் என்ன நடக்க வேண்டும் என்று எழுதினோம். 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டும் GSTR-1, 20ஆம் தேதிக்குள் வரி கட்டும் GSTR-3B, அதற்கு இடையில் கொள்முதல் பதிவேட்டை, சப்ளையர்கள் போட்ட ரிட்டர்னிலிருந்து வரும் GSTR-2B உடன் ஒப்பிட்டு, உள்ளீட்டு வரி எதில் விடுபடுகிறது என்று கண்டுபிடிப்பது. இதிலிருந்தே ஒரு தேர்வு தயார் செய்தோம். முப்பது பில்கள், மூன்று பிழைகள், நாற்பத்தைந்து நிமிடம்.

கடைசியில் நின்றவர்கள் இரண்டு பேர். ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு வருடம் இருந்த இருபத்துநான்கு வயதுப் பெண். மில் மூடியதால் வேலை போன ஐம்பத்தொரு வயதுக்காரர். பழைய சீட்டின்படி இருவருமே உள்ளே வந்திருக்க முடியாது. பெண் மூன்று பிழைகளையும் அரை மணிக்குள் பிடித்துவிட்டாள். அவர் முழு நேரத்தையும் எடுத்துக்கொண்டார், மூன்றையும் பிடித்தார். ஒரு சப்ளையர் ரிட்டர்ன் போடாததால் அவருடைய பில் GSTR-2Bயில் வரவில்லை என்று கண்டு, 'பணம் கொடுக்கும் முன் இவரிடம் பேசவும்' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியும் வைத்தார்.

நேர்காணலில் முதலாளி இந்தத் தாள்களைப் பார்க்கவே இல்லை. பெரியவரிடம் "கம்ப்யூட்டர் எல்லாம் வேகமா வருமா சார்?" என்றார். பெண்ணிடம் "கல்யாணம் எப்பம்மா?" தேர்வு வைத்த பிறகும் இப்படிக் கேட்டால் தேர்வு எதற்கு? எல்லாருக்கும் ஒரே ஐந்து கேள்விகள், முன்கூட்டியே எழுதி வைத்து, பதிலுக்கு மதிப்பெண் போட்ட பிறகுதான் பொதுப் பேச்சு என்று வைத்துக்கொண்டால் இந்த வழி அடைபடும். நான் அன்று அதைச் செய்யவில்லை, என் தவறும் இதில் உண்டு.

பெரியவர் வேண்டாம் என்பதற்கு முதலாளி இரண்டு காரணம் சொன்னார். சம்பளம் அதிகம் கேட்பார், சீக்கிரம் ஓய்வு பெறுவார். எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஓய்வு என்றால் 58க்கு இன்னும் ஏழு வருடம் இருந்தது. அந்த நிறுவனத்தில் முந்தைய கணக்காளர்கள் மூன்று பேரும் இரண்டு வருடம்கூட நிற்கவில்லை. பி.எஃப். கூடுதல் செலவு என்றும் நினைத்தார். 58க்குப் பிறகும் வேலையில் இருந்தால், ஓய்வூதியக் கணக்குக்குப் போகும் பங்கு பி.எஃப். கணக்குக்கே போகும், முதலாளி கட்டும் தொகை அதனால் கூடாது.

பெண்ணை எடுத்தார்கள். ஆனால் 28,000 அல்ல, "சின்னப் பொண்ணுதானே" என்று 18,000. சம்பளம் வேலைக்கா, வயதுக்கா என்று நான் கேட்டதற்குச் சிரித்தார். ஏழாவது மாதம் அவள் 30,000க்கு வேறு இடம் போய்விட்டாள். பெரியவருக்கு ஃபோன் போட்டேன். பக்கத்து ஊரில் ஒரு நூற்பாலையில் சேர்ந்திருந்தார். எவ்வளவு சம்பளம் என்று கேட்டேன். இருபத்தேழாயிரம் என்றார்.